வரி உள்ளே, சார்ட் வெளியே

கடல் கடந்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிது. ஸ்பிரிண்ட் என்று நாங்கள் சொல்லும் இரண்டு வாரத் தவணையின் நடுவில், பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஒரு லோரி கம்பெனி முதலாளி போன் செய்தார். அவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள், பில்லில் வரியைத் தப்பாகப் போடுகிறதாம். உடனே சரிசெய்ய வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த சென்னையில் என்றால், இதையும் சேர்த்து எங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். இங்கே என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்றிருந்தேன்.

எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் அக்கா, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எங்களைக் கேட்டார். இரண்டு நாள் என்றோம். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"செய்றோம் பாஸ். அதுக்குப் பதிலா எதை வெளிய எடுக்கட்டும்? இன்னும் ஆரம்பிக்காததுல, இதே அளவுக்கு, லோரி ஓட்டத்தைக் காட்ட நீங்க கேட்ட கலர் சார்ட்தான் இருக்கு."

"அதுவும் அவசரம் லா."

"ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

"சார்ட்டை எடுத்துடுங்க."

வரி உள்ளே, சார்ட் வெளியே, காரணம் இது, சொன்னவர் இவர் என்று அக்கா பதிவு செய்து அவருக்கும் அனுப்பினார். இவ்வளவு சடங்கு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தவணை முடிந்து, நாங்கள் செய்ததைப் பார்க்க வந்த முதலாளி, சார்ட் எங்கே என்று கடுகடுத்தார். அக்கா பதிவைத் திரையில் காட்டினார்.

"நானா சொன்னேன்?"

"ஆமா பாஸ். அடுத்த ஸ்பிரிண்ட்ல சேர்க்கட்டுமா?"

அவர் யோசித்தார். "அது இல்லாமலே லோரி ஓடுதே. வேற ஏதாச்சும் போடுங்க லா."

அக்கா அதையும் பதிவு செய்தார்.