முப்பத்தெட்டாவது பொட்டலம்

படுக்கையறையில் லேபிள் மெஷின் கிர்ர் கிர்ர் என்று இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அக்காவுக்கு உயிர் இருந்தது.

பண்டிகைக்கு ஆறு நாள். ஆன்லைனில் குழந்தைகள் கவுன் விற்கும் தம்பி வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கு நூற்றிருபது ஆர்டர். நாலு மணிக்குக் கூரியர் வேன் வந்துவிடும். தவறினால் கடையின் மதிப்பெண் இறங்கும். தப்பான சாமான் இன்னும் நாலு வீட்டுக்குப் போனால் கடையையே மூடிவிடுவதாக ஆன்லைன் கம்பெனி எச்சரித்திருந்தது.

ஆர்டர் பட்டியல் வரிசைப்படி தம்பி கவுன்களைச் சோபாவில் பரப்புவான். தம்பி மனைவி உள்ளே அதே வரிசையில் லேபிள் அடிப்பாள். அக்கா ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, கவுனில் குத்திய சீட்டில் உள்ள எண்ணும் லேபிளின் ஓரத்து எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து ஒட்ட வேண்டும்.

பார்ப்பதுதான் அவளால் முடியாது. ஆறு மாதமாகப் பொடி எழுத்தெல்லாம் சாம்பல் தேய்த்தது போலத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. புருஷனைப் பறிகொடுத்து வந்தவளிடம் தம்பி அன்றே சொல்லிவிட்டான், "கை ஓடுற வரைக்கும் இங்கயே இரு அக்கா." கை ஓடாவிட்டால் தங்கை வீடு. முன்பு அங்கே அவள் படுத்தது வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். அதனால் வரிசையை நம்பி ஒட்டினாள்.

மூன்றரைக்குக் கடைசி கவுனைக் கவரில் போட்டுக் கையை நீட்டினாள். லேபிள் தீர்ந்திருந்தது.

"ஒன்னு குறையுதுப்பா."

தம்பி ஒரு கவரைப் பிரித்தான். லேபிளில் மஞ்சள், ஆறு வயது. உள்ளே சிவப்பு, இரண்டு வயது. அவன் முகம் செத்துப்போனது.

அழைப்பு மணி அடித்தது. வேன்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"நடுவுல ஏதாவது கேன்சல் ஆச்சா? லேபிளை மட்டும் உருவிட்டு கவுனை எடுக்காம விட்டிருப்பீங்க. இந்த வாரம் மூணு வீட்ல இதே கூத்து."

தம்பி படுக்கையறைப் பக்கம் திரும்பினான். மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

"முப்பத்தெட்டாவது. கிழிச்சுப் போட்டேன். அண்ணிகிட்ட சொன்னேனே."

சொல்லவில்லை. அக்கா கவர் அடுக்கைத் தன் பக்கம் இழுத்தாள். சண்டைக்கு இது நேரமில்லை.

"தம்பி, நான் அடுக்கின வரிசை குலையல. முப்பத்தெட்டை எடுத்துடு. முப்பத்தொம்பதுலேருந்து மறுபடி அடிக்கச் சொல்லு. பழைய பார்கோடு வெளிய தெரியாம மேலயே ஒட்டிடலாம்." வேன்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள். "அரை மணி நேரம் பொறுங்கய்யா."

"மேல் மாடியில ரெண்டு வீடு இருக்கு. பாத்துட்டு வரேன்."

எண்பத்திரண்டு லேபிள். மனைவி அடிக்க, தம்பி எண் சொல்லி நீட்ட, அக்காவின் விரல்கள் பறந்தன. வேன்காரர் திரும்பி வந்து ஸ்கேன் செய்யத் தொடங்கினார். நூற்றுப் பத்தொன்பதும் பீப் பீப்பென்று ஏறின. ஒன்றுகூடத் தவறவில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள், பாவி.

"அக்கா, இதைக் கொஞ்சம் படி."

தம்பி லேபிள் சுருளின் வாலிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நீட்டினான். அவள் அதைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"சிவப்பு. நாலு வயசு."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது வெத்துக் காகிதம், அண்ணி. எழுத்தே இல்ல."

வேன்காரர் தலையைக் குனிந்து மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"எத்தனை நாளா இப்படி?" என்றான் தம்பி. "கேன்சல் ஆயிரம் வரும். எண்ணைப் பாத்திருந்தா முப்பத்தெட்டுலயே பிடிச்சிருப்ப. குருட்டுக் கையை நம்பி நான் கடை நடத்தியிருக்கேன்."

"நீ சத்தமா எண்ணைச் சொன்னா போதும்ப்பா. இப்ப ஒட்டலையா?"

"உனக்குப் படிச்சுக் காட்ட ஒரு ஆள் வைக்கணுமா? தங்கச்சிக்கு போன் பண்றேன். காலையில கிளம்பு."

"பண்டிகை முடியட்டுமே."

"பண்டிகைக்குத்தான் இடம் வேணும். இவ தங்கச்சி பேக்கிங்குக்கு வரா. உன் கட்டில்ல படுத்துக்குவா."

மனைவி அதற்குள் அக்காவின் நாற்காலியை மேசையடியிலிருந்து இழுத்து, மிஞ்சிப்போன முப்பத்தெட்டாவது கவரை அதன்மேல் வைத்தாள்.

வேன்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நாளைக்கு மூணு மணிக்கே வருவேன் சார். ரெடியா வைங்க."

"வைக்கிறோம். புது ஆள்தான், நல்ல கண்ணு."

அவர் படியிறங்கினார். தம்பி கதவைச் சாத்தினான்.