ஏழரைக்கு எழுந்த கதை

என் செல்பேசியில் அலாரம் அடிக்கும்போது திரை நடுவில் ‘ஸ்னூஸ்’ என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன் வரும். நிறுத்துவதற்கான பட்டனோ அடியில் ஓரமாக, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில் இருக்கும். அந்தத் திரையை வரைந்தவன் யாராக இருந்தாலும் சரி, அவனை நான் மன்னிக்கப் போவதில்லை.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம். ஸ்ரீவராகத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கட்டைவிரல் ரேகை பதிய வேண்டும். அதற்கு ஆறு மணிக்கு அலாரம். ஸ்னூஸ் அமைப்பில், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை, எத்தனை தடவை என்று கேட்கும். மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் ஐந்து நிமிடம், ‘தொடர்ந்து’ என்று வைத்திருந்தேன். முன்னெச்சரிக்கையாம்.

ஆறு மணிக்கு முதல் பேரம் தொடங்கும். தலைக்குக் குளிக்கவில்லை, ஐந்து நிமிடம் கொடு. கொடுத்தாயிற்று. ஆறு ஐந்துக்கு, தோசை வேண்டாம், பிரெட் போதும். ஆறு பத்துக்குப் புடவை போய் சுடிதார் வரும், அதற்கும் இஸ்திரி கிடையாது. ஆறு இருபதுக்குள் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் மிச்சமிருக்காது. பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து பத்து நிமிடம் கடன் வாங்குவேன். காக்கை கத்தினால் எழுந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்வேன். காக்கை கத்தும். நான் சொன்னது இந்தக் காக்கை இல்லை, நேற்று வந்த காக்கை என்பேன். ஒருநாள் செல்பேசியை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு அடுக்களையில் வைத்தேன், ஊரே எழுந்திருக்கும் சத்தம். நடந்து போய் ஸ்னூஸை அழுத்திவிட்டுத் தூக்கோடு வந்து படுத்திருக்கிறேன். விழித்தபோது தூக்கு என் பக்கத்தில் தலையணையில் இருந்தது.

இதெல்லாம் அலுவலகத்தில் தெரிந்துபோனதற்கு என் வாய்தான் காரணம். எதிர் மேசைக்காரர் எனக்கு ‘அஞ்சு மினிட்டு’ என்று பெயர் வைத்தார். தினமும் நான் மூச்சிரைக்க விரலைப் பதிக்கும்போது, “அஞ்சு மினிட்டு எத்தியல்லோ!” என்பார், வந்துவிட்டாளே என்று. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவள் பக்கத்து மேசைக்காரி ஒருத்திதான். என்னைவிடப் பத்து வயது சின்னவள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தவள் அவள் மட்டும்தான். என் இட்லிப் பொடிக்காகவே வீட்டிலிருந்து இட்லி கொண்டு வருவாள்.

அவள் துபாய்க்கு வேலை கிடைத்துக் கிளம்பினாள். “சேச்சி ஏர்போர்ட்டுக்கு வராம இருந்தா நான் கேறமாட்டேன்” என்றாள். விமானம் ஏற மாட்டாளாம். சனிக்கிழமை காலை என்பது தெரியும், மணி கேட்கவில்லை. காரை ஏற்பாடு செய்தவர் அந்த எதிர் மேசைக்காரர். முந்தின நாள் போனில் சொன்னார்: “ஏழரவெளுப்பினு வண்டி இறங்கும். சேச்சிக்குப் பற்றுமோ?”

முடியுமா என்று என்னைக் கேட்கிறார்! எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஏழரை என்றால் ஏழரை மணி. வெளுப்பு என்றால் வெளிச்சம். வெளிச்சம் வந்தபிறகுதான் கிளம்புகிறோம், அதற்குமா உன்னால் முடியாது என்று குத்துகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

“ஏழரைக்கு நான் தெருமுனையில நிப்பேன். நீங்க லேட்டா வராம இருங்க” என்றேன்.

“காணாம்” என்றார். பார்க்கலாமாம்.

பார்த்துவிடுவது என்று கறுவிக்கொண்டேன். ஆறேகாலுக்கு அலாரம். ஸ்னூஸை அமைப்புக்குள் போய் அணைத்தேன். நடுவில் எந்த அழைப்பும் என் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று, காலை ஏழரை வரை ‘தொந்தரவு செய்யாதே’ போட்டேன். அதில் அலாரம் மட்டும் ஒலிக்கும், அழைப்பு வந்தால் சத்தமே வராது. அலுவலக வாட்சாப் குழுவைக் காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் எப்போதோ மியூட் செய்திருந்தேன்.

ஆறேகாலுக்கு அடித்தது. முதல் அடியிலேயே எழுந்தேன். நம்புங்கள், முதல் அடியிலேயே. கையில் வைத்திருந்தால் மறுபடி படுத்துவிடுவேன் என்று செல்பேசியை அலமாரியில் கவிழ்த்துவிட்டுத் தலைக்கே குளித்தேன். குளிக்கும்போது மாடியை அதிரவைத்துக்கொண்டு ஒரு விமானம் போனது. எங்கள் தெருவுக்கு மேலேதான் எப்போதும் ஏறும். பாவம், யாரோ இவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையில் இன்னொரு செம்பு ஊற்றினேன்.

ஏழு இருபதுக்குத் தெருமுனை. இஸ்திரி போட்ட புடவை, கையில் பொடி டப்பா. அவர் முகம் போகும் போக்கை நினைத்து நினைத்து ருசித்துக்கொண்டு நின்றேன். ஏழரை தாண்டியது. ‘எங்கே காணோம்?’ என்று அவருக்கு அனுப்பலாமென்று செல்பேசியைத் திருப்பினேன். பதினோரு தவறிய அழைப்புகள். எல்லாம் இரண்டே முக்காலுக்கும் மூன்றரைக்கும் நடுவில் வந்தவை. கடைசியில் அவளுடைய குரல் செய்தி ஒன்று.

“சாரமில்ல சேச்சி. உறங்கிப்போயி, அல்லே? எனிக்கறியாம்.”

பரவாயில்லை, தூங்கிவிட்டீர்கள், எனக்குத் தெரியும் என்கிறாள். கோபித்திருந்தாலாவது தேவலை. தெருமுனையில் டப்பாவோடு நின்று அழுதேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எதிர் மேசைக்காரர்தான் விளக்கினார். ஏழரவெளுப்பு என்றால் சூரியன் உதிப்பதற்கு ஏழரை நாழிகை முன்பு. நாழிகைக்கு இருபத்து நாலு நிமிடம், ஆக மூன்று மணி நேரம். அதாவது விடியற்காலை மூன்று மணி. நான் ஏழரை என்றதை அதன் சுருக்கம் என்று நினைத்தாராம். காரை எங்கள் தெருமுனையில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருந்தாராம். நான் அன்று ஆறேகாலுக்கே எழுந்தேன் என்றதை ஒருவரும் நம்பவில்லை. மதியத்துக்குள் பெயர் மாறிவிட்டது. “ஏழர வந்நு!” அவர்களுக்கு அது வெறும் மணி. எங்கள் ஊரில் ஏழரை என்றால் சனி.

இதற்குப் பழி வாங்காமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. அவர் சொன்ன அதே ஏழரவெளுப்புக்கு, மூன்று மணிக்கு, தினமும் அவரைப் போனில் எழுப்பி, “நேரம் வெளுத்தோ?” என்று கேட்பது. ஒரு மாதத்துக்கு. அலாரம் மூன்று மணிக்கு வைத்தேன். மூன்று மணிக்கு எழுவது புதுசாயிற்றே என்று ஸ்னூஸையும் பழையபடி போட்டுக்கொண்டேன்.

மூன்றுக்கு அடித்தது. மூன்று ஐந்துக்குப் பழி வாங்கினாலும் பழிதானே என்றேன். மூன்றேகாலுக்கு, மாதம் முழுக்க வேண்டாம், இருபது நாள் போதும் என்று குறைத்தேன். மூன்றரைக்குப் பதினைந்து நாள், அதிலும் ஞாயிறு விடுமுறை. நாலு மணிக்கு, அவர் வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அந்த அம்மாள் என்ன பாவம் செய்தார் என்று எனக்குக் கருணை பொங்கியது. ஐந்துக்கு ஒரே ஒரு நாள் போதும் என்று வந்து நின்றேன். ஐந்தரைக்கு, அந்த ஒரு நாள் நாளையாக இருக்கட்டும். அதன்பிறகு பேரம் கூடப் பேசவில்லை, விரல் தானாகப் போய் அழுத்தியது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மொத்தம் ஐம்பத்து நாலு தடவை.

குளிக்காமல் பஸ்ஸில் ஏறியபின், தெருமுனையில் நின்ற கதை முழுவதையும் அவளுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். ஏழரையும் ஏழரவெளுப்பும், குளியலும், தலைக்கு மேலே போன விமானமும். அன்றைக்கு நான் தூங்கிப்போகவில்லை, சத்தியமாகத் தூங்கிப்போகவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

மதியம் பதில் வந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் பேச்சே வரவில்லை. கடைசியில் கேட்டாள்: “ஞான் விஸ்வசிச்சு சேச்சி. இன்னு எப்போழா எழுந்நேற்றது?”

நம்பிவிட்டாளாம். இன்றைக்கு எப்போது எழுந்தேன் என்று கேட்கிறாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

“ஏழரை” என்று தட்டி அனுப்பினேன்.