ஒரே பாவில் மூன்று சேலை

“தங்களுக்கு அனுப்பிய பட்டியலில் மூன்றாவது சேலைக்குப் போட்ட விலை தவறு. தவறு பட்டியல் எழுதிய என்னுடையது. நெய்தவருக்கு இதில் பங்கில்லை.”

கடையின் கடித நகல் புத்தகத்தில் ஐப்பசி 4, வியாழன் என்று தேதியிட்ட தாளில் இந்த வரிகள் உள்ளன. ஆண்டைப் பூச்சி அரித்துவிட்டது. நான் அந்தப் பட்டுக் கடையில் கணக்கு எழுதியது 1924 முதல் 1929 வரை. ஆகவே அதற்குள் ஏதோ ஓர் ஆண்டு.

கடிதம் கும்பகோணத்து ஜவுளி வியாபாரி ஒருவருக்குப் போனது. அவர் எங்களிடம் மூன்று சேலை சொல்லியிருந்தார். இரண்டில் உடல் முழுக்கச் சரிகைப் பூ, அதாவது புட்டா. மூன்றாவதில் கரையும் முந்தானையும் மட்டும். மூன்றும் ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டிய ஒரே நூல்வரிசையில், நெய்தவை. புட்டாவுக்கான சரிகை குறுக்கு நூலான ஊடையில் தனியாக விழுவது. அதை விட்டுவிட்டு நெய்தால் அதே பாவில் வெறும் உடல் சேலையும் வரும். ஆனால் எங்கள் கடையில் பட்டியல் எழுதும் பழக்கம் வேறு. ஒரு பாவிலிருந்து இறங்கிய சேலைகளை ஒரே வரியில் ஒரே விலை போட்டு எழுதிவிடுவோம். பெரும்பாலும் அவை ஒன்றாகவே இருக்கும். அன்றும் அப்படியே எழுதினேன்.

பார்சல் வி.பி. தபாலில் போயிற்று. வி.பி. என்றால் தபாலாபீசில் பணம் கட்டிய பிறகே பார்சலைப் பிரிக்க முடியும். அவர் கட்டினார், பிரித்தார், எழுதினார்: “மூன்றாவதில் புட்டா இல்லை. பட்டியலில் புட்டா விலை இருக்கிறது. விளக்கம் வேண்டும்.”

அந்தக் கடிதம் வந்த காலையில்தான் சேலைகளை நெய்தவர் அடுத்த பாவு வாங்க வந்திருந்தார். தீபாவளிக்கு முன் ஒரு பாவு இறக்கிவிட வேண்டும் என்று இருந்தவர். தறி இரண்டு நாளாகக் காலி. முதலாளி கடிதத்தை ஒரு கையிலும் பட்டியலின் நகலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“மூணும் புட்டான்னு பில்லு சொல்லுது. ஒண்ணுல புட்டாவே இல்லியாம். அந்தச் சரிகை எந்தத் தட்டான் உலையில உருகிக்கினு இருக்குதுபா?”

“சரிகையத் தின்னா செரிக்குமா முதலாளி? மிச்சத்த எடை போட்டுத்தான் குடுத்தேன். கணக்குப்பிள்ளையக் கேளுங்க.”

“அவரு எழுதினதத்தான் படிச்சிக்கினு இருக்கேன். பாவு வேற ஆளுக்குப் போவட்டும்.”

நெசவாளர் தலைத்துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

நான் கம்பியில் குத்தியிருந்த கடிதங்களில் தேடி, இரண்டில் மட்டும் புட்டா கேட்டு வியாபாரி முதலில் அனுப்பிய கார்டை எடுத்தேன். சரிகை கொடுத்த புத்தகத்தையும் திறந்தேன். இரண்டு சேலைக்கு மட்டுமே புட்டாச் சரிகை கொடுத்ததும், மிச்சம் எடையோடு திரும்பியதும் என் கையெழுத்திலேயே இருந்தன. இரண்டையும் முதலாளி முன் வைத்து, “தப்பு என்னுதுதாங்க. ஒரே பாவுன்னு ஒரே வெல போட்டுட்டேன்” என்றேன்.

அவர் நெடுநேரம் படித்தார். பிறகு, “சரி, அடுத்த சரக்குல கழிச்சுக்கலாம்னு ரெண்டு வரி எழுது. கடைத் தப்புன்னு எழுதிட்டா நாளைக்கு எவன் வி.பி.யில பணம் கட்டுவான்?” என்றார்.

“பிரிச்சுப் பாக்காம நம்ம பில்ல நம்பிக் கட்டினவருங்க அவரு. அடுத்த சரக்கு வாங்குவாரோ, மாட்டாரோ. அவரு காச நாம ஏன் வச்சிக்கினு இருக்கணும்?”

“உனுக்கு வக்கீல் வேல கெடைக்கலியா?” என்று கேட்டுவிட்டு, எழுதச் சொல்லிக் கையை அசைத்தார்.

எழுதினேன். வித்தியாசம் ஏழு ரூபாய். அதை மணியார்டரில் அன்றே அனுப்பினோம். கமிஷன் கடைச் செலவு. திருத்திய பட்டியலில் சேலைக்கு ஒரு வரியாக மூன்று வரி. மூன்றாவது சேலை வேண்டாமென்றால் எங்கள் செலவில் திருப்பலாம் என்றும், இனி ஒவ்வொரு சேலையையும் பிரித்துப் பார்த்த பிறகே பட்டியல் எழுதப்படும் என்றும், பணம் சேர்ந்ததைக் கார்டில் தெரிவிக்கவேண்டும் என்றும் சேர்த்தேன். பத்தாம் தேதி கார்டு வந்தது. சேலையை வைத்துக்கொண்டார், அதே போல இன்னொன்று வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

நெசவாளருக்குப் பாவு அன்றே கிடைத்தது. வியாபாரியிடம் வருத்தம் தெரிவித்த கடிதத்துக்கு நகல் இருக்கிறது. நெசவாளரிடம், சரிகையைத் திருடினார் என்பதுபோல் கேட்டதற்காக, யாராவது வருத்தம் தெரிவித்தோமா? என் நாட்குறிப்பில் அன்றைய தேதியின் கீழ் “நெய்தவரிடம் சொல்லப்பட்டது” என்று மட்டும் இருக்கிறது. சொன்னது முதலாளியா, நானா, என்ன சொல்லப்பட்டது, பாவு எடுத்துப் போகலாம் என்பது மட்டும்தானா என்று எழுதி வைக்கவில்லை. கேட்டறிய முதலாளியும் நெசவாளரும் இப்போது இல்லை. இந்த ஒன்றை என்னால் சரிபார்க்க முடியவில்லை.