இரண்டடிச் சுவரும் என் கணக்கும்

அறுபதுகளின் நடுவில் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு விதைப் பண்ணையில் எனக்கு வேலை. வேர்க்கடலை விதையின் மேல் காமா கதிரைப் பாய்ச்சி, அதில் புது ரகம் ஏதாவது தேறுகிறதா என்று பார்க்கும் பண்ணை. ஓர் அறையின் நடுவில், அந்தக் கதிரை வீசும் கோபால்ட் துண்டு ஈயக் குடுவைக்குள் இருக்கும். கயிற்றை இழுத்தால் மேலே வரும், விட்டால் உள்ளே இறங்கிவிடும். பகலெல்லாம் அது மேலேதான் இருக்கும். அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இரண்டடி கனத்தில் ஒரு கான்கிரீட் சுவர். அதன் கனத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவன் நான்.

இயற்பியல் படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். காமா கதிரைக் கான்கிரீட் எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பதைப் புத்தகத்தில் பார்க்காமல், படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நானே அளந்து வைத்திருந்தேன். ஈயக் கட்டியில் ஊசித்துளை போட்டு, அதன் வழியாக மெல்லிய கற்றையை மட்டும் விட்டு, மறுபக்கத்திலும் ஓர் ஊசித்துளைக்குப் பின்னால் கருவியை வைத்து அளந்தேன். இரண்டு அங்குலக் கான்கிரீட்டுக்குக் கதிர் பாதியாகிறது. அடுத்த இரண்டு அங்குலத்துக்கு அதில் பாதி. இப்படியே இரண்டடிக்குப் பன்னிரண்டு முறை பாதியானால் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். மேலிடத்தில் என் பெருக்கலைச் சரிபார்த்தார்கள். பெருக்கல் சரியாகவே இருந்தது.

கோபால்ட்டைக் கொண்டுவந்து வைத்த இன்ஜினியரிடம் அளக்கும் கருவி இருந்தது, ஆனால் வழியிலேயே அது படுத்துவிட்டது. "கணக்குதான் இருக்குதே, அப்புறம் இன்னா?" என்றார் எங்கள் பண்ணை அதிகாரி. எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது.

பக்கத்து அறையில், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விதையை நூறு நூறாக எண்ணித் துணிப்பையில் கட்டுகிற வேலை ஓர் அக்காவுக்கு. வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தார். பண்ணை முழுக்க அது தெரியும். அதிகாரி வீட்டிலிருந்துகூட மாங்காய் வந்தது. கதிர் அறைக்குள் போகிற எனக்கும் என் உதவியாளுக்கும் சட்டையில் குத்திக்கொள்ள, கதிர் பட்டால் கறுக்கும் ஃபிலிம் வில்லை உண்டு. மாதம் ஒருமுறை அதைப் பம்பாய்க்கு அனுப்பினால், எவ்வளவு கதிர் பட்டது என்று எழுதி அனுப்புவார்கள். அக்காவுக்கு வில்லை கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு எதற்கு?

உபரியாக இருந்த ஒரு வில்லையை அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கவிட்டேன். அக்கறையால் அல்ல. என் கணக்கை நானே மெச்சிக்கொள்ளத்தான்.

பம்பாயிலிருந்து பதில் வந்தது. நான் கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்ததைப்போல் பதினைந்து மடங்கு.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கணக்கைச் சந்தேகிக்கவில்லை, ஃபிலிமைச் சந்தேகித்தேன். இந்த ஊர் வெயிலில் பாறையே பொரியும், ஃபிலிம் கெட்டிருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதிதாக இரண்டு வில்லைகள் எடுத்து, ஒன்றை அதே சுவரிலும் இன்னொன்றைத் தூரத்து உரக் கிடங்கிலும் மாட்டினேன். வெயில்தான் காரணமென்றால் இரண்டும் கறுக்க வேண்டும். சோதனை என்னவோ நல்ல சோதனைதான். ஆனால் அது முடிய ஒரு மாதம் ஆயிற்று, பதில் வரப் பல நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

கிடங்கு வில்லை சுத்தமாக வந்தது. சுவர் வில்லை மறுபடியும் பதினைந்து மடங்கு.

அதற்குப் பிறகுதான் சென்னைக்குப் போய் ஒரு நூலகத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. என் கணக்கு, சுவரில் எதிலும் மோதாமல் நேரே வந்து சேரும் கதிரை மட்டும் எண்ணுகிறது. மோதியது தொலைந்தது என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் மோதிய கதிரெல்லாம் தொலைவதில்லை. கொஞ்சம் வலுவிழந்து, திசை மாறி, இன்னொன்றில் மோதி, மறுபடி திரும்பி, அதில் ஒரு பகுதி எப்படியோ சுவரின் மறுபக்கம் வந்துவிடுகிறது. நேராக வருவதோடு இதையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை மடங்காகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, பில்டப் ஃபாக்டர் என்று பெயர். மெல்லிய தகட்டுக்கு அது ஒன்றைவிடச் சற்றுத்தான் கூடுதல். சுவர் தடிக்கத் தடிக்க அதுவும் ஏறிக்கொண்டே போகும். இரண்டடிக் கான்கிரீட்டுக்குப் பட்டியலில் பதினைந்தையொட்டிப் போட்டிருந்தது. இன்னும் பத்து அங்குலம் நான் கேட்டிருக்க வேண்டும்.

என் ஊசித்துளைச் சோதனையில் தப்பில்லை. சிதறி வந்ததையெல்லாம் அந்தத் துளை வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். எவ்வளவு சுத்தமாக அளந்தேனோ அவ்வளவுக்கு அந்தச் சுவருக்கு உதவாத எண் கிடைத்தது. அக்காவின் மேல் விழுந்ததில் பதினைந்தில் பதினான்கு பங்கு, நான் கணக்கிலேயே சேர்க்காதது.

அதிகாரி கெட்டவர் இல்லை. நான் போய்ச் சொன்ன அன்றே கோபால்ட்டை இறக்கச் சொன்னார், அக்காவின் மேசையைக் கிடங்குக்கு மாற்றச் சொன்னார். "அந்தம்மாகிட்ட எதுவும் சொல்லிக்கினு இருக்காத. பயந்துடும்" என்றார். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன். "இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் தோணுது. ஆனா ஆகவே ஆகாதுன்னு எழுதிக் குடுன்னா என்னால முடியாது" என்றார்.

மறைக்க என்னால் முடியவில்லை. மேசையைத் தூக்கிக்கொண்டு போகும்போதே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அது உடம்புலயே தங்கியிருக்குமா, தம்பி?"

"தங்காதுக்கா. பாஞ்சுட்டுப் போயிடும்."

"அப்ப பட்டதை எடுக்க கசாயம் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லக்கா."

"கொழந்தைக்கு இன்னா ஆவும்?"

"தெரியலக்கா."

அன்று முழுவதும் அவர் ஒரு பையைக்கூடச் சரியாக எண்ணவில்லை. நானும் கிடங்கு வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். எதற்கு நின்றேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்தாம் மாதம் கரு கலைந்துவிட்டது. கதிரே படாத எத்தனையோ பெண்களுக்கும் கலைகிறது. அவ்வளவு கொஞ்சம் கதிரில் கலைந்திருக்காது என்று பின்னாளில் பலர் எனக்குச் சொன்னார்கள், நானும் படித்துப் பார்த்தேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு இதனால் இல்லை என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

அக்காவைப் பார்க்க வல்லத்துக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன், அது ஒரு கேடு. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புருஷன் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அந்தச் சுவத்தாலதானா, தம்பி?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

அக்கா ஆரஞ்சுப் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நீ சொல்லாமலே இருந்திருந்தா சாமியைத் திட்டிட்டுக் கிடந்திருப்பேன். இப்ப அதுகூட முடியலியே."