விளிம்புவரை நிரப்பிய பாத்திரம்

எங்கள் பாத்திரக் கம்பெனியில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விவரத்தாள் எழுதுவது அவள் வேலை. தகட்டுத் தடிமனை மடித்த விளிம்பில் அளக்கவே மாட்டாள், அங்கே கூடுதலாகக் காட்டுமாம். எடை மூடி இல்லாமல்தான். பேக்கிங்கில் இருக்கும் நான் கிண்டல் செய்வேன்.

"ஏண்டி, பாத்திரத்துக்கா ஜாதகம் எழுதுற?"

"வாங்குறவங்க கண்ணால பாக்காம வாங்குறாங்கக்கா. இந்தத் தாள்தான் அவங்களுக்குக் கண்ணு."

கொள்ளளவுக்கு மட்டும் இரண்டு கட்டம் போடுவாள். பாத்திரத்தைத் தராசில் வைத்து, தண்ணீர் ஊற்றி நிறுப்பாள். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர். விளிம்புவரை ஒரு கணக்கு, பொங்க இடம் விட்டு ஒரு கணக்கு. பெரிய குண்டானுக்கு விளிம்புவரை பத்து லிட்டர், சமைக்க எட்டு.

அவள் அக்கா புருஷன்தான் விற்பனை மேனேஜர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அத்தான் என்றால் அவளுக்கு உயிர்.

ஒருநாள் விடுதிச் சமையலறைக்குச் சாமான் வாங்குகிறவர் குண்டானோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"சமைக்கும் அளவு பத்து லிட்டர்னு போட்டிருக்கீங்க. பத்து ஊத்தினா பொங்கி வழியுது. எங்க சமையக்காரம்மா கை வெந்துபோச்சு. நீங்க அளந்ததுன்னு நம்பி வேற கம்பெனித் தாளைப் பிரிச்சுக்கூடப் பாக்கலம்மா!"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். விளிம்புவரை என்ற கட்டமே இல்லை. அந்தப் பத்து, சமைக்கும் அளவில் உட்கார்ந்திருந்தது. கீழே, 'அளந்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர். சத்தம் கேட்டு வந்து நின்ற அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தான், இது நான் எழுதினது இல்லையே?"

அந்த மனுஷன் கண் கூசாமல் சொன்னார். "சார், மன்னிச்சிருங்க. இவதான் அளந்தா. தப்பா அளந்துட்டா."

போன வாரம் அவரே என் எதிரில் புலம்பியவர்தான். "மத்தவன்லாம் விளிம்புவரைக்கும்தான் போடுறான், இவ எட்டு போட்டா எவன் வாங்குவான்?" அதை அப்படியே போட்டு உடைத்தேன். "நீ பேக்கிங் வேலையைப் பாரு" என்று என் வாயை அடைத்தார்.

அவள் அழவில்லை. குண்டானைத் தராசில் ஏற்றி, விடுதிக்காரர் எதிரிலேயே தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கணக்கையும் புதுத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள். "அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க சார்."

அவர் போனதும், "நாளையிலேர்ந்து வராதே" என்றார் அத்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் போன் அடித்தது. அக்கா. அப்பாடா, இவளாவது தேற்றுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கே குரல் கேட்டது.

"அவர் மாத்தினது எனக்கு அப்பவே தெரியும்டி. உன் பேர்ல இருந்தா நம்புவாங்கன்னு நான்தான் சொன்னேன். கூடப் பொறந்தவளுக்காக இதைக்கூடத் தாங்க மாட்டியா?"

அப்போதுதான் அவள் அழுதாள்.