கைக்கும் இடுப்புக்கும் நடுவில்

எங்கள் கடைக்குச் சோறு போட்டது கல்யாண ஃப்ளெக்ஸ்தான். மதுரையில் காதுகுத்துக்குக்கூட ஆளுயரத்துக்குப் பேனர் கட்டத் தொடங்கியிருந்த காலம். படத்தில் இருக்கும் ஆளை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது என் வேலை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதிக்கும் அதே வேலைதான்.

கேட்க லேசாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. படத்தை நாலைந்து மடங்கு பெரிதாக்கி, சின்ன அழிப்பானால் ஓரத்தோடு ஓரமாகப் பின்னணியை அழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்துக் கை வழுக்கினால் காது போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவரப் போனால் அந்த இழுப்பில் செய்த நல்ல வேலையும் சேர்ந்து போகும். அதனால் கொஞ்சம் அழித்து, மவுசை விட்டு, படத்தை நகர்த்தி, மறுபடி கொஞ்சம் அழிக்க வேண்டும். சட்டைத் தோளுக்குக் கூரான முனை, தலைமுடிக்கு மெத்தென்ற முனை. மல்லிகைப்பூ வைத்த பெண் வந்துவிட்டால் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும்.

வெளிக்கோட்டில் என் சிநேகிதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே இருக்கும் சந்துகளைத்தான் மறந்துவிடுவாள். இடுப்பில் கை வைத்து நிற்கிறவனைச் சுற்றிலும் துப்புரவாக அழித்துவிட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் பழைய சுவரை முக்கோணமாக விட்டு வைப்பாள்.

"ஏன்டீ, அடியில செவப்பு லேயர் ஒண்ணப் போட்டுப் பாரு, மிச்சம் மீதி பளிச்சுனு தெரியும்னு எம்புட்டுத் தடவ சொல்றது?" என்று கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே என் டிபன் பாக்ஸிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடிப்பாள்.

என்னை அத்தை மகனுக்குக் கட்டுவதென்று பெரியவர்கள் வாய்ப்பேச்சாகப் பேசி வைத்திருந்தார்கள். அத்தைக்குத் திருமங்கலம். அவர்களுடைய புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு எடுத்த படம் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். அதில் அத்தை மகன் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்பார். அவருக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம், மயில் கழுத்து நிறப் பட்டில் நான். கல்யாணப் பேனருக்கு அதைத்தான் வைக்கணும் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் திருமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எதிரே ஒரு மண்டபத்து வாசலில் அவர் நின்றார், பத்தடி உயரத்தில். பக்கத்தில் யாரோ ஒரு பெண். மேலூர்ப் பக்கம், குவாரிக்காரர் வீட்டுப் பெண் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக இருந்தார்கள்; பெயர்கள் தங்க நிறத்தில் மின்னின. அவருடைய இடது கைக்கும் இடுப்புக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு என் பட்டுச்சேலை.

அவர் செய்தது துரோகம், சரி. ஆனால் இந்த வேலையைச் செய்த கை யாருடையது என்று அந்த முக்கோணமே சொல்லிவிட்டதே!

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் கேட்டேன். "அவரு படத்த வெட்டுனது யாருடீ?"

அவள் முகம் செத்துப்போனது. "நாந்தான். நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அவரே வந்தாரு. அந்தப் படத்துலதான் நல்லா இருக்கேன்னாரு. ஒங்கிட்டச் சொல்ல வேணாம், பெரியவங்க பேசிக்கிருவாங்கன்னாரு."

"அதுக்கப்புறமும் பக்கத்துல உக்காந்து என் சோத்தத் தின்னியேடீ! ஒனக்கு வாயி இல்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதான் நீயாப் பாத்துத் தெரிஞ்சுக்கிரட்டும்னு ஓஞ்சேலைய மட்டும் அழிக்காம விட்டேன்."

கிறுக்கி நான், நம்பினேன். இவளாவது எனக்காக ஒன்று செய்திருக்கிறாளே என்று அவள் கண்ணைக்கூடத் துடைத்துவிட்டேன்.

மத்தியானம் அவள் டீக்குப் போன நேரத்தில் அந்த ஃபைலைத் திறந்தேன். என் சேலையை இன்னொரு தடவை பார்க்கத்தான். எழுத்து, மாலை, மணப்பெண் எல்லாம் தனித்தனி லேயரில் இருந்தன. ஒவ்வொன்றாக மறைத்துவிட்டு, அவரைப் பெரிதாக்கினேன். தோளோரம் என் முகம் இருந்த இடம், என் பூ இருந்த இடம், எல்லாவற்றையும் ஒரு பிசிறு இல்லாமல் அழித்திருந்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் வேலை பார்த்து நான் கண்டதே இல்லை.

அப்படியே அவருடைய வலது கைப் பக்கம் நகர்த்தினேன். பேனரில் மணப்பெண் மறைத்துக்கொண்டிருந்த கை அது. அந்தக் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும் அழிக்காமல்தான் விட்டிருந்தாள். அதில் நான் இல்லை. அத்தை வீட்டு நீலச் சுவர்தான் இருந்தது.