வேலியை ஓடவிட்ட தம்பிஐயா

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த தம்பிஐயாவுக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: "அசையாதை!" குழந்தைக்கும் அதுதான், அரசாங்கக் கச்சேரி முதலியாருக்கும் அதுதான். கமராவுக்குப் பின்னால் நின்று அதைச் சொல்லும்போது தானும் மூச்சை அடக்கிக் கல்லாய் நிற்பார். அப்படியே பழகி, வீட்டில் பெண்சாதி நல்லம்மா சோறு போடும்போதும் "அசையாதை" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஸ்ரூடியோவில் ஒரு சைக்கிள் நின்றது. சங்கிலி கிடையாது. ஸ்ராண்டில் ஏற்றி, ஸ்ராண்டைக் குரோட்டன் செடி வைத்த சாடியால் மறைத்து, பின்னால் அன்னம் நீந்துகிற குளம் எழுதிய சீலையைத் தொங்கவிட்டிருந்தார். சைக்கிள் ஓடத் தெரியாத ஆம்பிளைகள் எத்தனை பேர் அதில் ஏறி, இரண்டு காலையும் பெடலில் வைத்து, நெஞ்சை நிமிர்த்திப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்!

வினை அங்கேதான் வந்தது. நல்லம்மாவின் தம்பி பஞ்சலிங்கம் இணுவிலில் இருந்து பட்டினத்துக்குத் தினமும் சைக்கிளில் வந்துபோகிற கிளாக்கர். சொந்தச் சைக்கிள்; சித்திரை வருஷப்பிறப்புச் சைக்கிள் போட்டியில் ஓடி வென்றவன். அவனுக்கு உடுப்பிட்டியில் கந்தப்புவின் மகள் குணலட்சுமியைப் பேசினார்கள். மாப்பிள்ளையின் படம் கேட்டு ஆள் வந்தது. பஞ்சலிங்கம் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனான். "உந்தச் சேத்தோடை உள்ளுக்குக் கொண்டராதை, கம்பளம் பழுதாப்போம்" என்று தம்பிஐயா அதை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மைத்துனனைச் சங்கிலியில்லாத சைக்கிளில் ஏற்றி எடுத்தார்.

படம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கந்தப்பு புகையிலைத் தோட்டம் செய்கிற கமக்காரன். கண் கூர்மையான மனுசன். படத்தோடு சொல்லியும் அனுப்பியிருந்தார்: "போன மாசம் வேறையொரு மாப்பிள்ளையின்ரை படம் வந்தது. அதிலையும் இதே சைக்கிள், இதே அன்னம். சைக்கிள் ஓடுறவர் எண்டு சொன்னியள். பொய்யிலை துவங்கிற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

நல்லம்மா கொதித்தாள். "என்ரை தம்பியின்ரை வாழ்க்கையிலை மண்ணள்ளிப் போட்டிட்டியள்!" என்றவள் அதற்குப் பிறகு புருசனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோறு வரும், சொல் வராது. தம்பிஐயாவுக்கு அதுதான் பெரிய தண்டனை. பஞ்சலிங்கமோ பெண்ணை நல்லூர்த் தேர்த் திருவிழாவில் ஒருமுறை கண்டவன். முகம் வாடித் திரிந்தான். அதைப் பார்க்கவும் தம்பிஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

சரி, பொடியன் உண்மையாய் ஓடுவதையே எடுத்து அனுப்புவோம் என்று கைக்கமராவோடு பஞ்சலிங்கத்தின் வீட்டு வேலியோரம் போகிற இணுவில் ஒழுங்கைக்குப் போனார். படம் கலங்கிவிடுமோ என்ற பயத்தில் கமராவின் கண் திறந்து மூடும் வேகத்தை உச்சத்தில் வைத்து, "மெல்ல வா, மெல்ல வா" என்று ஓடவிட்டு எடுத்தார். கழுவிப் பார்த்தால் சில்லுக் கம்பியை ஒவ்வொன்றாய் எண்ணலாம். பஞ்சலிங்கம் அந்தரத்தில் தைத்து வைத்த மாதிரி நிற்கிறான். ஸ்ரூடியோ ஸ்ராண்டில் இருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கந்தப்பு பார்த்தால் சாடியைத் தேடுவார்.

அடுத்தநாள் வேகத்தைக் குறைத்து, கமராவை முக்காலியில் இறுக்கி வைத்து எடுத்தார். இப்போது பின்னாலிருந்த வேலி படத்தில் அச்சொட்டாய் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் புகை போனது. அந்தப் புகைதான் மாப்பிள்ளை.

"அத்தான், இதை அனுப்பினால் செத்தவனுக்குப் பொம்பிளை கேக்கிறம் எண்டு நினைப்பினம்" என்றான் பஞ்சலிங்கம்.

வேறு வழியில்லை, நேரில் போய்க் காலில் விழுவோம் என்று தம்பிஐயா உடுப்பிட்டிக்குப் பஸ் ஏறினார். கோப்பாய்ப் பக்கம் பஸ் முக்கி முனகிப் போகையில் பக்கத்தில் ஒரு தபாற்காரன் சைக்கிளில் சரிக்குச் சரியாய் வந்தான். தம்பிஐயா யன்னலால் பார்த்தார். அவனுடைய சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாய்த் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் தென்னோலைக் கிடுகு வேலி கோடு கோடாய் இழுபட்டு ஓடியது.

"அட கடவுளே!" என்று எழும்பிவிட்டார். ஆளோடு சேர்ந்து கண் போனால் ஆள் நிற்பான், வேலி ஓடும். அப்படியென்றால் கமராவும் ஆளோடு சேர்ந்து போகவேண்டும். அடுத்த தரிப்பிலேயே இறங்கி, மன்னிப்புக் கேட்கப் போன மனுசன் திரும்பிப் பட்டினத்துப் பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் காலை இணுவில் ஒழுங்கையில் கமராவைக் கையில் ஏந்தி நின்றார். வேகம், செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வெயில் கூடிப் படம் கருகாமல் இருக்க லென்ஸின் துவாரத்தை நன்றாய்ச் சுருக்கினார். படம் விழவேண்டிய இடத்துக்கு நேரே காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பித் தூரத்தில் வருகிறவனை அங்கேயே பிடித்து, அவனோடு கூடவே திரும்பி, நேரே வரும்போது பொத்தானை அமத்தவேண்டும். பஞ்சலிங்கம் வேலியோரமாய் ஒரே சீராய் ஓடி வந்தான்.

எல்லாம் சரி. ஆனால் அமத்துகிற அந்த நொடியில் தம்பிஐயாவின் உடம்பு கல்லாகிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! விரல் அமத்தினால் மூச்சும் இடுப்பும் தாமாகவே நிற்கின்றன. கழுவினால் அதே வெள்ளைப் புகை. அன்று பின்னேரமும் புகை. அதற்கடுத்த காலையும் புகை.

தம்பியின் வீட்டுக்கு வந்திருந்த நல்லம்மா வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்தபடி நின்றாள். வாயை இறுக்கிப் பூட்டித்தான் வைத்திருந்தாள். நாலாம் தடவை பஞ்சலிங்கம் வர, புருசன் திரும்ப, விரல் பொத்தானுக்குப் போக, அவளால் பொறுக்க முடியவில்லை.

"நிக்காதேங்கோ! அமத்திப்போட்டும் திரும்புங்கோ! அவன் போறான் எல்லோ, அவனுக்குப் பின்னாலை திரும்புங்கோ, மரக்கட்டை மாதிரி நிண்டால் என்னண்டு படம் விழும்? விசரே உங்களுக்கு!"

இத்தனை நாள் அடைத்து வைத்த ஏச்செல்லாம் ஒன்றாய் வந்தது. தம்பிஐயா திடுக்கிட்டு, அமத்தியபடியே திரும்பி, அமத்திய பிறகும் திரும்பி, வேலியில் நட்ட கதியால் மரத்தில் போய் முட்டி நின்றார்.

"கதைச்சிட்டாய்!" என்றார் பல்லெல்லாம் தெரிய.

"கதைக்கேல்லை, ஏசினனான்" என்றாள் நல்லம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இருட்டறையில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்த தம்பிஐயா சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். பஞ்சலிங்கம் முகமும் தோளும் சைக்கிள் சட்டமுமாய்ச் சுத்தமாய் இருந்தான். சில்லுக் கம்பிகள் சுழன்று மறைந்திருந்தன. மிதிக்கிற கால் கொஞ்சம் கலங்கியிருந்தது. பின்னால் வேலி வேலியாகவே இல்லை. கோடாய், மின்னலாய் இழுபட்டுக் கிடந்தது.

படத்தைக் கொண்டு தானே உடுப்பிட்டிக்குப் போனார். கந்தப்பு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், கிட்ட வைத்தார், எட்ட வைத்தார். சாடியும் இல்லை, அன்னமும் இல்லை.

"ஓடுறார்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் தம்பி, சம்பந்தத்துக்கு அனுப்பிற படத்திலை உதென்ன சிரிப்பு? அடக்கமில்லாமல்?"

தம்பிஐயா அவசரமாய்க் கிட்டப் போனார். படத்தை எட்டிப் பார்த்தார். வேலியையே பார்த்துப் பூரித்துப் போனவர், அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். பஞ்சலிங்கம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போகிறான்.

படம் கைமாறிக் கதவுக்குப் பின்னால் போனது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது. குணலட்சுமிதான்.

"அப்பா, அவர் ஏன் சிரிக்கிறார் எண்டு கேளுங்கோ."

இனியும் ஒரு பொய் சொல்லத் தம்பிஐயாவுக்குத் துணிவில்லை. "என்ரை பெண்சாதி, அவரின்ரை தமக்கை, நடு ஒழுங்கையிலை நிண்டு என்னை ஏசினவ. நான் திடுக்கிட்டுப் பம்பரமாய்த் திரும்பினன். அதுக்குத்தான் சிரிக்கிறார். பிறகு வேலியிலையும் போய் முட்டினன்."

கந்தப்புவின் முகம் கறுத்தது. "ஒழுங்கையிலை நிண்டு புருசனை ஏசினவவோ? நீர் என்ன செய்தனீர்?"

"நானோ? சந்தோசப்பட்டன்" என்றார் தம்பிஐயா.

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு.

"அப்பா, எனக்குச் சம்மதம்."